எண் மாறியும் சந்தா தொடர்வது ஏன்?

கேள்வி:

ஐயா, என் கடன்பற்று அட்டையில் நான் வாங்காத எதற்கோ முதலில் 2 வெள்ளியும் மறுநாள் 380 வெள்ளியும் எடுக்கப்பட்டதால் வங்கியை அழைத்து அட்டையை ரத்து செய்தேன். 4417 என்று முடிந்த அட்டைக்குப் பதிலாக 9082 என்று முடியும் புதிய அட்டை வந்தது. அதை எந்த இணையக் கடையிலும் நான் பதியவில்லை. ஆனாலும் படம் பார்க்கும் தளத்தின் சந்தா வழக்கமான தேதியில் எடுக்கப்பட்டிருக்கிறது. அட்டை மாறியதும் தானாக நின்றுவிடும் என்று நான் விட்டுவிட்ட உடற்பயிற்சிக் கூடமும் 68 வெள்ளி எடுத்துவிட்டது. மளிகைத் தளம் மட்டும் அட்டை ஏற்கப்படவில்லை என்கிறது. பழைய எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா? என் அட்டையில் கை வைத்தவனுக்கும் இதே கதவு திறந்திருக்குமா?

— வாசகி, ஈசூன்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பழைய எண் செத்துவிட்டது. 4417 என்று முடியும் எண்ணை இன்று யார் எந்தக் கடையில் தட்டச்சு செய்தாலும் உங்கள் வங்கி அதை மறுத்துவிடும். படம் பார்க்கும் தளத்திடம் இருந்தது அந்த எண்ணே அல்ல என்பதுதான் நீங்கள் கண்ட புதிருக்கு விடை. கட்டணச் செயலாக்க நிறுவனம் ஒன்றில் நிராகரிக்கப்பட்ட கட்டணங்களின் பட்டியலைப் பார்ப்பது என் அன்றாட வேலை என்பதால், உள்ளே நடப்பதைச் சற்று விரித்தே சொல்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அந்த விவரத்தில்தான் அடங்கியிருக்கிறது. அது முழுக்க ஆறுதலான பதிலும் அல்ல.

ஒரு தளத்தில் அட்டையைச் சேமிக்க நீங்கள் ஒப்புக்கொள்ளும்போது அட்டை எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்க எண் ஆகியவற்றைத் தருகிறீர்கள். மூன்று இலக்க எண்ணைக் கட்டணம் ஒப்புதல் பெற்ற பின் எந்தக் கடையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அட்டைத் துறையின் பாதுகாப்பு விதி. மீதமிருக்கும் அட்டை எண்ணைக் கடையோ அதற்காக வேலை செய்யும் கட்டண நிறுவனமோ தன் பெட்டகத்தில் பூட்டி வைத்துக்கொள்வதுதான் பழைய வழக்கம். புதிய வழக்கத்தில், அந்த எண் விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்புக்கு அனுப்பப்படுகிறது. இந்தக் கடைக்கு இந்த அட்டையின் பேரில் ஒரு டோக்கன் தரலாமா என்று வலையமைப்பு உங்கள் வங்கியைக் கேட்கிறது. வங்கி சம்மதித்தால், வலையமைப்பு அட்டை எண்ணைப் போலவே தோற்றம் கொண்ட வேறோர் எண்ணை உருவாக்கி, இரண்டுக்கும் உள்ள தொடர்பைத் தன் பெட்டகத்தில் எழுதிக்கொண்டு, அந்த மாற்று எண்ணை மட்டும் கடைக்குத் தருகிறது. இதற்குத்தான் வலையமைப்பு டோக்கன் என்று பெயர். விசா, மாஸ்டர்கார்டு உள்ளிட்ட வலையமைப்புகளுக்குச் சொந்தமான இஎம்வி கோ என்ற அமைப்பு இதற்கான பொது விதிமுறையை முதன்முதலில் 2014இல் வெளியிட்டது. கைப்பேசியைத் தட்டிப் பணம் செலுத்தும் வசதி அதே ஆண்டில் பரவத் தொடங்கியபோது அதன் அடியில் இருந்ததும் இதே ஏற்பாடுதான்.

கைப்பேசியில் இருக்கும் டோக்கனை நீங்கள் அறியாமலே பார்த்திருப்பீர்கள். தேக்காவில் கைப்பேசியைத் தட்டிப் பணம் கட்டிவிட்டு ரசீதைப் பார்த்தால், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களுக்குப் பதிலாக வேறு நான்கு இலக்கங்கள் அச்சாகியிருப்பதுண்டு. பேருந்தில் ஏறும்போது அட்டையைத் தட்டிவிட்டு இறங்கும்போது அதே அட்டை ஏற்றப்பட்ட கைப்பேசியைத் தட்டக் கூடாது என்று சொல்வதற்கும் காரணம் இதுதான். கணக்கு ஒன்றுதான் என்றாலும், பேருந்தின் கருவிக்கு அவை வெவ்வேறு எண்கள். எனவே, ஏறியவர் ஒருவர், இறங்கியவர் வேறொருவர் என்று அது எடுத்துக்கொள்ளும்.

இணையக் கடையின் டோக்கனுக்கு அட்டை எண்ணுக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு உண்டு. அது எந்தக் கடைக்குத் தரப்பட்டதோ அந்தக் கடையின் பெயரில்தான் செல்லும். நீங்கள் அந்தத் தளத்தில் ஒரு பொருளை வாங்கும்போது, கடை தன் டோக்கனோடு அந்த ஒரு கட்டணத்துக்கு மட்டும் பொருந்தும் இரகசியக் குறி ஒன்றையும் வலையமைப்பிடம் கேட்டுப் பெற்று, இரண்டையும் சேர்த்து அனுப்புகிறது. வலையமைப்பு குறியைச் சரிபார்க்கிறது. கேட்பது டோக்கனுக்கு உரிய கடைதானா என்றும் பார்க்கிறது. பிறகே தன் பெட்டகத்தைத் திறந்து டோக்கனுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான அட்டை எண்ணை எடுத்து உங்கள் வங்கிக்கு அனுப்புகிறது. வங்கியின் பதில் திரும்பி வரும் வழியில் அட்டை எண் மறுபடி டோக்கனாக மாற்றப்படுகிறது. இத்தனையும் நீங்கள் திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓரிரு நொடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. மாதச் சந்தாவைப் போல நீங்கள் திரைமுன் இல்லாமலே கடை எடுக்கும் கட்டணங்களில் ஒவ்வொரு முறையும் அந்தக் குறி தேவைப்படுவதில்லை. நீங்கள் முதலில் ஒப்புதல் தந்த கட்டணத்தின் அடையாள எண்ணைச் சுட்டிக்காட்டி, அதன் தொடர்ச்சியாகக் கடை பணம் கேட்கிறது.

இப்போது உங்கள் அட்டை மாறிய நாளுக்கு வருவோம். வங்கி புதிய எண்ணை ஒதுக்கியதும் வலையமைப்புக்கு ஒரு செய்தி அனுப்ப முடியும்: 4417 என்று முடிந்த எண்ணுக்குப் பதிலாக இனி 9082 என்று முடியும் எண், காலாவதித் தேதி இது. வலையமைப்பு தன் பெட்டகத்தில் டோக்கனின் வலப்பக்கத்தில் எழுதியிருந்த பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுகிறது. இடப்பக்கத்தில் இருக்கும் டோக்கனில் ஒரு இலக்கம்கூட மாறுவதில்லை. டோக்கனுக்கு அட்டையின் தேதியோடு தொடர்பில்லாத தனிக் காலாவதித் தேதி உண்டு என்பதால் அதுவும் அப்படியே இருக்கிறது. கடைக்கு ஓர் அறிவிப்பு மட்டும் போகிறது. அதைப் பார்த்துக் கடை தன் பக்கத்தில் காட்டும் கடைசி நான்கு இலக்கங்களையும் தேதியையும் மாற்றிக்கொள்கிறது. அடுத்த மாதம் சந்தாத் தேதியன்று கடை எப்போதும்போல் அதே டோக்கனை அனுப்பியிருக்கும். வலையமைப்பு அதைத் திறந்தபோது உள்ளே 9082 இருந்திருக்கும். உங்கள் வங்கி மறுக்கக் காரணம் எதுவும் இருந்திருக்காது. படம் பார்க்கும் தளத்தில் உங்கள் கணக்குப் பக்கத்தைத் திறந்து, சேமித்த அட்டை என்ற இடத்தைப் பாருங்கள். நீங்கள் கை வைக்காமலே அங்கு 9082 என்று காட்டினால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

பெரும்பாலும் என்று நான் சொல்வதற்குக் காரணம், இதே தோற்றத்தைத் தரும் இன்னொரு பழைய வழியும் இருப்பதுதான். சேமித்த அட்டைகளின் எண்களைக் கடையின் வங்கி அவ்வப்போது மொத்தமாக வலையமைப்புக்கு அனுப்பி, இவற்றில் எவையேனும் மாறிவிட்டனவா என்று கேட்கலாம். மாறியவற்றுக்குப் புதிய எண்களையே வலையமைப்பு தரும். இந்தக் கணக்குப் புதுப்பிப்புச் சேவையை விசாவும் மாஸ்டர்கார்டும் டோக்கன் வருவதற்கு முன்பிருந்தே நடத்தி வருகின்றன. உங்கள் உடற்பயிற்சிக் கூடம் எந்த வழியில் பணம் எடுத்தது என்பதை வெளியிலிருந்து என்னால் சொல்ல முடியாது. டோக்கனாகவும் இருக்கலாம், இந்தச் சேவையாகவும் இருக்கலாம். உங்களைப் பொறுத்தவரை வேறுபாடு ஒன்றுதான். புதுப்பிப்புச் சேவையில் உங்கள் புதிய அட்டையின் முழு எண்ணும் அந்தக் கூடத்தின் கட்டண நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருக்கும். டோக்கனில் அப்படிச் சேர்ந்திருக்காது.

மளிகைத் தளத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அந்தத் தளத்தில் உங்கள் அட்டை இன்னும் 4417 என்றே காட்டப்படும் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் நாங்களும் டோக்கன்தான் வைத்திருக்கிறோம் என்றுகூடச் சொல்லக்கூடும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஊர்க் கோயில்களில் செருப்பை வாங்கிக்கொண்டு கையில் ஒரு டோக்கன் தருவார்களே, அதைப் போன்றதுதான் அவர்கள் சொல்லும் டோக்கன். செருப்பு அதே அடுக்கில்தான் இருக்கிறது. டோக்கன் எந்த அடுக்கு என்பதை மட்டுமே சொல்கிறது. அதாவது, கட்டண நிறுவனத்தின் சொந்தப் பெட்டகத்தில் உங்கள் பழைய அட்டை எண் அப்படியே கிடக்கிறது; கடையின் கையில் இருப்பது அதைச் சுட்டும் குறியீடு. அட்டை எண்ணைக் கடையிடமிருந்து மறைக்க அது உதவும். ஆனால் அந்தக் கட்டண நிறுவனம் புதுப்பிப்புச் சேவையில் சேராதவரை அட்டை மாறியதை அதற்குச் சொல்ல யாரும் இல்லை. அடுக்கில் இருப்பது பழைய எண்ணாகவே இருக்க, வங்கி அதை மறுக்கிறது. எங்கள் பட்டியலில் இத்தகைய மறுப்புகள், அப்படி ஓர் அட்டை இல்லை என்று பொருள்படும் 14 என்ற குறியோடும், காலாவதியாகிவிட்டது என்று பொருள்படும் 54 என்ற குறியோடும் வந்து நிற்கும். தொலைந்ததாகவோ திருடப்பட்டதாகவோ வங்கி குறித்துவைத்த எண் என்றால் 41 அல்லது 43 வரும். இவை எல்லாவற்றையும் உங்களுக்கு ஒரே வாசகமாக, ‘அட்டை ஏற்கப்படவில்லை’ என்று கடை சுருக்கிச் சொல்லிவிடுகிறது.

கடையின் டோக்கனுக்கும் வலையமைப்பு டோக்கனுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் துறைக்குள் இருப்பவர்களே குழப்பிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு கடை, தன் வாடிக்கையாளர் எல்லாருக்கும் வலையமைப்பு டோக்கன் எடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தது. எடுத்தது உண்மைதான். ஆனால் டோக்கன் வழியாக ஒரு கட்டணம் தடைப்பட்டால் உடனே பழைய அட்டை எண்ணை வைத்து மறுபடி முயலும்படி அதன் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. ஒரு மாலை, டோக்கன் சேவையோடு இருந்த தொடர்பு சற்று நேரம் அறுபட, அட்டை மாறியிருந்த வாடிக்கையாளர்களின் செத்த எண்கள் எல்லாம் வரிசையாக வங்கிகளின் கதவைத் தட்டி 14, 14 என்று திரும்பி வந்தன. டோக்கன் கிடைத்த பிறகும் பழைய எண்ணைக் கடை தூக்கி எறியாமல் வைத்திருக்கக்கூடும் என்பதை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இனி உங்கள் அட்டையில் கை வைத்தவனைப் பற்றிப் பேசலாம். முதலில் 2 வெள்ளி, பிறகு பெரிய தொகை என்பது அட்டை எண் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கும் பழக்கம். அவனிடம் உங்கள் அட்டையின் எண்ணும் தேதியும் பின்பக்க எண்ணும் மட்டும் இருந்தால், அவை மூன்றுமே இப்போது பயனற்றவை. டோக்கன் வழியாக அவற்றிலிருந்து புதிய எண்ணைக் கண்டுபிடிக்கவும் முடியாது. வேறொரு கடையின் தரவு திருடுபோய், அதிலிருந்த உங்கள் டோக்கன் அவன் கைக்குப் போயிருந்தால்கூட, அதை இன்னொரு கடையில் போட்டால் உரிய கடை அல்ல என்று வலையமைப்பு மறுத்துவிடும்.

ஆனால் மூன்றாவதாக ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதைத்தான் நீங்கள் வங்கியிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்த 380 வெள்ளிப் பொருளை வாங்கியவன் ஏதோ ஒரு தளத்தில் தன் பெயரில் கணக்குத் திறந்து, உங்கள் அட்டையை அங்குச் சேமித்தும் வைத்திருக்கலாம். அந்தத் தளம் வலையமைப்பு டோக்கன் எடுக்கும் தளமாக இருந்தால், உங்கள் அட்டையின் பேரில் அவனுடைய கணக்குக்கென்று ஒரு டோக்கன் உருவாகியிருக்கும். கைப்பேசியில் அட்டையை ஏற்றும்போது ஒருமுறைக் கடவு எண்ணோ வங்கிச் செயலியின் ஒப்புதலோ கேட்பது வழக்கம். கடைகள் எடுக்கும் டோக்கனோ பெரும்பாலும் உங்களுக்கு எதுவும் தெரிவிக்காமல் பின்னணியிலேயே உருவாகிவிடுகிறது. அட்டை மாற்றத்தின்போது வங்கி எல்லா டோக்கன்களையும் ஒட்டுமொத்தமாகப் புதிய எண்ணுக்கு மாற்றியிருந்தால், உங்கள் படச் சந்தாவைப் பிழைக்க வைத்த அதே செய்தி அவன் டோக்கனையும் பிழைக்க வைத்திருக்கும். அவன் 9082 என்ற எண்ணைத் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை. அந்த ஒரு தளத்தில் வாங்கு என்ற பொத்தானை அழுத்தினால் போதும்.

எல்லா வங்கிகளும் இப்படிச் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலாவதியானதாலோ உடைந்ததாலோ அட்டையை மாற்றும்போது டோக்கன்களைத் தொடர விடுவதும், மோசடி என்று புகார் வந்தால் அவற்றை நிறுத்திவைப்பதும் அல்லது அழிப்பதும் வங்கியின் கையில்தான் இருக்கின்றன. நிறுத்திவைத்த டோக்கனை மறுபடி உயிர்ப்பிக்கலாம். அழித்ததை உயிர்ப்பிக்க முடியாது, கடையில் புதிதாகத்தான் பதிய வேண்டும். உங்கள் விஷயத்தில் சந்தா தொடர்ந்தது என்பதே, குறைந்தது சில டோக்கன்களையாவது வங்கி தொடர விட்டிருக்கிறது என்பதற்கு அறிகுறி. மோசடிப் புகாரின் பேரில் மாற்றிய அட்டைக்கு அப்படிச் செய்வது வாடிக்கையாளருக்கு வசதி என்றாலும், எனக்கு அது அவ்வளவாகப் பிடித்த நடைமுறை அல்ல. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு வார இறுதியை மறுபடி பதிவதில் செலவழிப்பதே மேல் என்பது என் எண்ணம்.

ஆகவே, வங்கியின் அட்டைப் பிரிவை அழைத்து, மோசடிப் புகாரின் எண்ணைச் சொல்லி, என் அட்டைக் கணக்கின் பேரில் உயிரோடு இருக்கும் டோக்கன்கள் எவை, ஒவ்வொன்றும் எந்தக் கடைக்கோ கருவிக்கோ எந்தத் தேதியில் தரப்பட்டது என்று கேளுங்கள். அட்டை மாற்றப்பட்டபோது அவை புதிய எண்ணுக்கு மாற்றப்பட்டனவா என்றும் கேளுங்கள். முதல்நிலை அலுவலருக்கு டோக்கன் என்றதும் முன்பு வங்கி தந்த சிறிய கடவு எண் கருவி நினைவுக்கு வரலாம். அப்படியானால், இணையக் கடைகளிலும் கைப்பேசிகளிலும் பதிந்துள்ள என் அட்டையின் பட்டியல் என்று விளக்கிச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத கடை ஒன்று பட்டியலில் இருந்தால், அதிலும் அந்த 2 வெள்ளியும் 380 வெள்ளியும் எடுக்கப்பட்ட நாள்களை ஒட்டி உருவானதாக இருந்தால், அதை அழிக்கச் சொல்லுங்கள். சில வங்கிகளின் செயலியிலேயே இந்தப் பட்டியலைப் பார்க்க முடியும். அட்டை அமைப்புகள் என்ற பகுதியில் தேடிப் பாருங்கள். கடையின் பெயருக்குப் பதிலாக அதன் கட்டண நிறுவனத்தின் பெயர் அங்கு இருக்கக்கூடும் என்பதால், தெரியாத பெயரைக் கண்டதும் பதறாமல் அது எந்தக் கடைக்காக என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் இந்தியாவில் உள்ள விதியைக் குறிப்பிடத் தோன்றுகிறது. அங்கு வழங்கப்பட்ட அட்டைகளின் எண்ணை உள்நாட்டுக் கடைகள் சேமித்து வைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு 2022 அக்டோபர் 1ஆம் தேதி முதல் முழுமையாக நடப்புக்கு வந்தது. அதற்கு வழிவகுத்த 2021ஆம் ஆண்டின் சுற்றறிக்கை, டோக்கன் தரப்பட்ட கடைகளின் பட்டியலை வாடிக்கையாளருக்குக் காட்டி, வேண்டாததை அவரே நீக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. அட்டை புதுப்பிக்கப்பட்டாலோ மாற்றப்பட்டாலோ, முன்பு பதிந்த கடைகளோடு புதிய அட்டையை இணைக்க வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் அது சொல்கிறது. சென்னையில் இருக்கும் உறவினர் யாராவது, எனக்கு அட்டை மாறியபோது வங்கி மறுபடி என்னைக் கேட்டதே என்று சொன்னால் காரணம் இதுதான். உங்கள் புதிருக்கு வித்தே, அந்தக் கேள்வியை யாரும் உங்களிடம் கேட்காததுதான்.

உடற்பயிற்சிக் கூடத்தின் 68 வெள்ளியை மோசடி என்று புகார் செய்யாதீர்கள். நீங்கள் தந்த அனுமதி இன்னும் நிலுவையில் இருக்கிறது. அட்டை மாறியதால் அது ரத்தாவதில்லை. முதலில் கூடத்திடமே எழுத்து மூலம் உறுப்பியத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம், முன்னறிவிப்புக் காலம் ஏதேனும் உண்டா என்று பாருங்கள்; அட்டையைத் தடுத்துவிட்டாலும் அந்தக் கடன் உங்கள் பேரிலேயே நிற்கும். அவர்கள் அனுப்பும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் பணம் எடுக்கப்பட்டால், அந்த மின்னஞ்சலைக் காட்டி, ரத்து செய்த சந்தாவுக்கு எடுக்கப்பட்ட கட்டணம் என்று வங்கியில் மறுப்புத் தெரிவிக்கலாம். அந்த ஒரு கடையின் தொடர் கட்டணத்தை மட்டும் வலையமைப்பு வழியாகத் தடுத்து வைக்கும் வசதியும் உண்டு. அதை வங்கியிடம் கேட்டுப் பெறலாம். சந்தாவை நிறுத்தாமல் அட்டையை மட்டும் மறுபடி மாற்றினால் இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

டோக்கன் எதையும் தாண்டி உயிர்வாழும் என்றும் எண்ணிவிட வேண்டாம். அது தொங்கிக்கொண்டிருப்பது ஒரு வங்கியில், ஒரு வலையமைப்பில் இருக்கும் ஒரு கணக்கில். வங்கி உங்கள் விசா அட்டைக்குப் பதில் மாஸ்டர்கார்டு தந்தால் விசாவின் பெட்டகத்தில் இருந்த டோக்கனுக்கு அங்கு வேலையில்லை. கணக்கையே மூடினால் டோக்கனும் முடிகிறது. ஒரே வங்கியில் சாதாரண அட்டையிலிருந்து உயர்தர அட்டைக்கு மாறும்போது சில வங்கிகள் பழைய டோக்கன்களைக் கொண்டுசெல்கின்றன, சில கொண்டுசெல்வதில்லை. மின்கட்டணம், தொலைபேசிக் கட்டணம் போன்றவை அட்டையில் ஓடிக்கொண்டிருந்தால், இத்தகைய மாற்றத்துக்குப் பிந்திய முதல் மாதம் மட்டும் அவை செலுத்தப்பட்டனவா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எண் மாறிய செய்தி வலையமைப்புக்குப் போகும் நேரமும் வங்கிக்கு வங்கி மாறுகிறது. சில வங்கிகள் எண்ணை ஒதுக்கியவுடன் அனுப்புகின்றன. சில நீங்கள் புதிய அட்டையைச் செயல்படுத்தும் வரை காத்திருக்கின்றன. தபாலில் வந்த உறையைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவைத்து, இடையில் சந்தாத் தேதி வந்து கட்டணம் தடைபட்டவர்கள் பலர்.

மளிகைத் தளத்தில் புதிய அட்டையைச் சேர்க்கும்போது, பழைய 4417 அட்டையையும் கையோடு நீக்கிவிடுங்கள். இரண்டும் பட்டியலில் இருந்தால், விருப்ப அட்டை என்ற குறி பழையதன் மேலேயே இருந்துவிட்டு, அடுத்த வார மளிகையும் வாசலுக்கு வராமல் போகலாம்.